I + A + A² + … நேர்மாறோடு ஒத்துவரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

பொருளாதார ஆய்வு மாணவர்களுக்குக் கணினிக் கூடத்தில் உதவுவது என் வேலையில் ஒரு பகுதி. ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவம் வந்தால் ஒரே புகாருடன் நாலைந்து பேராவது வந்து நிற்பார்கள். உள்ளீடு-வெளியீடு அட்டவணையிலிருந்து A என்ற சதுர அணியைக் கட்டியிருப்பார்கள். I + A + A² + A³ + … என்று கூட்டிக்கொண்டே போனால் (I − A)-இன் நேர்மாறு கிடைக்க வேண்டும் என்று படித்திருப்பார்கள். கூட்டிப் பார்த்தால் கிடைத்திருக்காது. ஒருவருக்குத் தொகை விண்ணை முட்டும், இன்னொருவருக்கு நேர்மாறில் குறை எண்கள் வரும், மற்றொருவருக்கு எல்லாம் அழகாக வந்து விடை மட்டும் தவறாக இருக்கும்.

விதி ஒன்றுதான். A-இன் ஐகன் மதிப்புகளில் அளவில் மிகப் பெரியதை ρ என்போம். அது 1-க்குக் கீழே இருந்தால் தொடர் குவியும், குவிந்தால் அது நேர்மாறுதான். 1-ஐ எட்டினாலோ தாண்டினாலோ குவியாது. ஏன் என்பதற்கு இங்கே இடமில்லை. கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

## முதலில்: நல்ல நிலையில் உள்ள ஒரு மாதிரி

பழுது பார்ப்பவர் கையில் ஒழுங்காக ஓடும் ஒரு சின்ன மாதிரி இருக்க வேண்டும். நான் வைத்திருப்பது மின்சாரம், நிலக்கரி என இரண்டே துறைகள் கொண்ட கற்பனை அட்டவணை. எண்கள் கோடி ரூபாயில்.

மின்துறையின் மொத்த உற்பத்தி 1000. அதற்காக அது 100-க்கு மின்சாரமும் 400-க்கு நிலக்கரியும் வாங்குகிறது. நிலக்கரித் துறையின் உற்பத்தி 800. அது 160-க்கு மின்சாரமும் 80-க்கு நிலக்கரியும் வாங்குகிறது. வாங்குபவரின் உற்பத்தியால் வகுத்தால், அதாவது ஒவ்வொரு நிரலையும் அந்தத் துறையின் மொத்தத்தால் வகுத்தால், A கிடைக்கும்:

```
A = 0.1  0.2
    0.4  0.1
```

இதன் ρ 0.383. நேர்மாறின் முதல் நிரை 1.2329, 0.2740. இரண்டாம் நிரை 0.5479, 1.2329. A³ வரை கூட்டினாலே 1.215, 0.262, 0.524, 1.215 என்று பக்கத்தில் வந்துவிடும்.

இறுதித் தேவை, அதாவது துறைகளே தமக்குள் வாங்கிக்கொண்டது போக வெளியே போவது, மின்சாரத்தில் 740, நிலக்கரியில் 320. நேர்மாறை இந்த இரண்டு எண்களால் பெருக்கினால் 1000, 800 திரும்பி வர வேண்டும். இதைத் ‘திரும்பப் பெறும் சோதனை’ என்று சொல்லிக்கொள்கிறேன். கீழே பல இடங்களில் உதவும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டியது இதுதான்:

```python
import numpy as np
n = A.shape[0]
I = np.eye(n)
print(max(abs(np.linalg.eigvals(A))))
print(A.sum(axis=0))
S, T = I.copy(), I.copy()
for k in range(200):
    T = T @ A
    S = S + T
print(abs((I - A) @ S - I).max())
```

முதல் வரி காட்டுவது ρ, அடுத்தது நிரல் கூட்டுத்தொகைகள். கடைசி எண் பூச்சியத்தை ஒட்டி இருந்தால் கூட்டிய தொடர் உண்மையிலேயே நேர்மாறுதான். ρ-வைக் கேட்ட இடத்திலேயே `Array must not contain infs or NaNs` என்று நின்றுவிட்டால், ஏதோ ஒரு துறையின் மொத்த உற்பத்தி பூச்சியமாகக் கிடக்கிறது, அதனால் வகுத்திருக்கிறீர்கள். அந்தத் துறையை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

## அறிகுறி 1: எல்லாம் அமைதியாக முடிகிறது, விடை மட்டும் தவறு

எனக்கு மிகவும் பிடிக்காத கோளாறு இது. எந்தப் பிழைச் செய்தியும் வராததால் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் வரை யாரும் கவனிப்பதில்லை.

### தொடரும் நேர்மாறும் ஒத்துப்போகவில்லை என்றால்

பெருக்கலைப் பாருங்கள். நம்பையில் `A*A`, `A**2` இரண்டும் உறுப்புக்கு உறுப்பு பெருக்கும். அது அணிப் பெருக்கல் அல்ல. எக்செல்லிலும் இரண்டு வரம்புகளுக்கு நடுவே `*` போட்டால் இதே கதைதான். அங்கே `MMULT` வேண்டும்.

இந்தப் பிழைக்குத் தனி முத்திரை உண்டு. மாதிரி அணியில் இப்படிக் கூட்டினால் 1.1111, 0.25, 0.6667, 1.1111 என்று வரும். ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே பெருக்குத் தொடராக ஓடி முடிந்திருக்கிறது. 0.4 இருந்த இடத்தில் 0.4/0.6, 0.2 இருந்த இடத்தில் 0.2/0.8. உங்கள் விடையில் மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள ஏதேனும் ஓர் உறுப்பை எடுத்து a/(1 − a) போட்டுப் பாருங்கள். அச்சாகப் பொருந்தினால் வேறெங்கும் தேட வேண்டாம். `A**0` இலிருந்து தொடங்கியிருந்தால் இன்னும் வேடிக்கை: அது அலகு அணியைத் தராது, எல்லா இடத்திலும் 1 போட்டுவிடும். அப்போது மேற்சொன்ன எண்களில் மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ளவை 1.25, 1.6667 ஆகிவிடும்.

தீர்வு: `A @ A`, அல்லது `np.linalg.matrix_power(A, k)`.

### தொடரும் நேர்மாறும் ஒத்துப்போகின்றன, ஆனாலும் தவறு என்றால்

திரும்பப் பெறும் சோதனையைச் செய்யுங்கள். மாதிரி அணியில் 1000, 800 வருவதற்குப் பதிலாக 982, 901 என்று வந்தால் நிரலை வகுப்பதற்குப் பதில் நிரையை வகுத்திருக்கிறீர்கள். வாங்குபவரின் மொத்தத்துக்குப் பதிலாக விற்பவரின் மொத்தத்தால் வகுத்தது.

இது ஏன் பிடிபடுவதில்லை என்றால், இரண்டு அணிகளுக்கும் ஐகன் மதிப்புகள் ஒன்றே. நிரையை வகுத்தால் 0.1, 0.16, 0.5, 0.1 என்ற வேறோர் அணி கிடைக்கிறது. ஆனால் அதன் ρ-வும் அதே 0.383. தொடரும் அதே வேகத்தில் குவிகிறது. எனவே ρ-வைப் பார்த்து ‘எல்லாம் சரி’ என்று எழுந்துவிடக் கூடாது. நம்பையில் `Z / x` என்று எழுதினால் நிரல்கள் வகுபடும், `Z / x.reshape(-1, 1)` என்றால் நிரைகள். வேண்டியது முதலாவது. `x` ஒரே பரிமாணமுள்ள வரிசையாக இருக்கிறதா என்று `x.shape` கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எக்செல்லிலிருந்து படித்து வந்தால் அது பெரும்பாலும் நெட்டுக் குத்தாக வந்து சேரும். அப்போது `Z / x` என்று எழுதினாலும் நிரைதான் வகுபடும்.

## அறிகுறி 2: தொகை ஏறிக்கொண்டே போகிறது, நேர்மாறில் குறை எண்கள்

தொடர் வெடிக்கிறது. ஆனால் `np.linalg.inv(I - A)` எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓர் அணியைத் தருகிறது. அதில் −11.25 போன்ற எண்கள். ‘தொடர்தான் கெட்டுவிட்டது, நேர்மாறு சரியாக வந்திருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமா?’ என்று மாணவர்கள் கேட்பது இந்த இடத்தில்தான். கூடாது. ρ 1-ஐத் தாண்டினாலும் நேர்மாறு இருக்கலாம். அது கணக்குப்படி சரியான நேர்மாறுதான். தொடரின் கூட்டுத்தொகை மட்டும் அது அல்ல. A-இல் குறை எண்ணே இல்லாதபோது நேர்மாறில் குறை எண் எட்டிப் பார்த்தால், ρ 1-ஐத் தாண்டிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். நிலக்கரிக்கு ஒரு ரூபாய் கூடுதல் தேவை வந்தால் நிலக்கரி உற்பத்தி பதினொன்றேகால் ரூபாய் குறையும் என்கிறது அந்த எண். எந்தச் சுரங்கத்திலும் அப்படி நடக்காது.

காரணங்களை மலிவானதிலிருந்து பாருங்கள்.

### அலகு மாறிப்போனதா?

பரிவர்த்தனைகள் லட்சத்தில், மொத்த உற்பத்தி கோடியில் என்று இரண்டு தாள்களிலிருந்து எடுத்திருப்பீர்கள். A முழுவதும் 100 மடங்காகும், ρ-வும் 100 மடங்காகும். மாதிரி அணியில் அது 38.3. ρ இப்படிப் பத்துகளிலோ நூறுகளிலோ இருந்தால் அலகைத் தவிர வேறெதையும் சந்தேகிக்க வேண்டாம்.

### ஓர் எண்ணில் பூச்சியம் கூடிவிட்டதா?

ρ 1-ஐச் சற்றே தாண்டியிருந்தால் பெரும்பாலும் இதுதான். மாதிரியில் நிலக்கரித் துறை தன்னிடமே வாங்கும் 80-ஐ 800 என்று தட்டிப் பார்த்தேன். அந்த உறுப்பு 0.1-இலிருந்து 1.0 ஆனது. ρ 1.08. தொடரின் ஒவ்வோர் உறுப்பும் முந்தையதைவிட ஏறத்தாழ எட்டு விழுக்காடு பெரிதாகிக்கொண்டே போனது. நேர்மாறோ 0, −2.5, −5, −11.25.

இதைப் பிடிக்க நிரல் கூட்டுத்தொகையைப் பாருங்கள். பண மதிப்பில் அமைந்த அட்டவணையில் எந்த நிரலும் 1-ஐ எட்டக் கூடாது. ஒரு ரூபாய்க்கு உற்பத்தி செய்ய ஒன்றேகால் ரூபாய்க்குச் சரக்கு வாங்கும் துறை கடையை மூடிவிட்டிருக்கும். மேற்கண்ட பிழையில் நிலக்கரி நிரலின் கூட்டுத்தொகை 1.2 என்று கையைக் காட்டிவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை. எல்லா நிரல்களும் 1-க்குக் கீழே இருந்தால் ρ கட்டாயம் 1-க்குக் கீழே இருக்கும். ஆனால் ஒரு நிரல் 1-ஐத் தாண்டியதால் மட்டும் தொடர் வெடிக்கும் என்று சொல்ல முடியாது. டன், யூனிட் என்று பொருள் அளவுகளில் அமைந்த அட்டவணையில் நிரல் கூட்டுத்தொகை 4, 5 என்று இருப்பது குற்றமே இல்லை. அங்கே ρ ஒன்றுதான் சாட்சி.

## அறிகுறி 3: `Singular matrix` என்று நின்றுவிடுகிறது, அல்லது நேர்மாறில் பத்துப் பதினைந்து இலக்க எண்கள்

இரண்டும் ஒரே நோய். 1 என்பது A-இன் ஐகன் மதிப்பாக இருக்கிறது. அதனால் (I − A)-க்கு நேர்மாறே இல்லை. கடைசி இலக்கங்களில் ஏற்படும் தோராயப் பிழையால் சில நேரம் கணினிக்கு அது தெரியாமல் போய், 10¹⁵ அளவில் அர்த்தமற்ற எண்களைக் கொட்டும்.

நான் பார்த்த வரையில் காரணம் அநேகமாக ஒன்றே: அட்டவணையின் விளிம்பையும் சேர்த்து வெட்டி ஒட்டிவிடுவது. கூலி, லாபம் அடங்கிய கீழ் நிரையையும் இறுதித் தேவை அடங்கிய வலது நிரலையும் மூன்றாம் துறைபோல A-க்குள் இழுத்துவிடுகிறார்கள். மாதிரியில் அப்படிச் செய்தால் மின்சார நிரல் 0.1, 0.4, 0.5. நிலக்கரி நிரல் 0.2, 0.1, 0.7. மூன்றாவதும் அப்படியே. ஒவ்வொன்றும் கூட்டினால் மிகச் சரியாக 1. செலவும் வரவும் முழுவதும் உள்ளேயே சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றும் ஏறத்தாழ அதே அளவைக் கூட்டிக்கொண்டே போகும்.

சோதனை எளிது. A-ஐ ஐம்பது முறை பெருக்கிப் பாருங்கள். A⁵⁰ பூச்சியத்தை நோக்கிப் போகாமல் எல்லா நிரல்களும் ஒரே மாதிரியாக உறைந்து நின்றால் விளிம்பு உள்ளே வந்திருக்கிறது. விளிம்பு நிரையையும் நிரலையும் நீக்குங்கள். குடும்பங்களின் செலவையும் வேண்டுமென்றே உள்ளே சேர்ப்பது உங்கள் ஆய்வின் நோக்கம் என்றால், ஏற்றுமதி, அரசுச் செலவு போன்ற ஏதாவது ஒன்றாவது வெளியே நிற்க வேண்டும்.

## அறிகுறி 4: குவிகிறது, ஆனால் முடியவே மாட்டேன் என்கிறது

இருநூறு உறுப்புகள் கூட்டியும் நேர்மாறுக்கு வெகு தூரம். அல்லது, கடைசி உறுப்பு மிகச் சிறிதாகிவிட்டது என்று நிறுத்தியிருப்பீர்கள், ஆனாலும் இரண்டு விடைகளும் ஒத்துப்போகவில்லை.

ρ-வைப் பாருங்கள். தொடக்கப் பிழை பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய, ρ 0.5 என்றால் சுமார் 20 உறுப்புகள் போதும். 0.9 என்றால் 130-ஐ ஒட்டி. 0.99 என்றால் கிட்டத்தட்ட 1400.

### எங்கே நிறுத்தினீர்கள்?

பலரும் ‘கடைசி உறுப்பு 0.001-க்குக் கீழே போனால் நிறுத்து’ என்று எழுதுகிறார்கள். ρ சிறிதாக இருந்தால் பாதகமில்லை. ρ 1-ஐ நெருங்கினால், இன்னும் கூட்டாமல் விட்டது கடைசி உறுப்பைப்போல ρ/(1 − ρ) மடங்கு இருக்கும். 0.99-க்கு அது 99 மடங்கு. மேலே தந்த கணினிக் கட்டளைகளின் கடைசி வரி இதற்காகத்தான்: (I − A)S-ஐ அலகு அணியோடு ஒப்பிட்டு நிறுத்துங்கள், கடைசி உறுப்பை நம்பாதீர்கள்.

### ρ ஏன் இவ்வளவு பெரிது?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு மாலை ஒரு மாணவி கொண்டுவந்த கணக்கின் கோளாறை மாதிரி அணியில் சுருக்கிக் காட்டுகிறேன். மின்துறை வாங்கும் நிலக்கரி 400-க்குப் பதில் 4000 என்று இருக்கிறது. 0.4 என்பது 4 ஆகிறது. வெடிக்கும் என்று எதிர்பார்ப்போம். வெடிக்காது. ρ 0.9944. குவியும், நேர்மாறில் ஒரு குறை எண்கூட வராது: 90, 20, 400, 90. ஆனால் A²⁰⁰ வரை கூட்டினாலும் 90 வர வேண்டிய இடத்தில் 61-ஐ ஒட்டித்தான் நிற்கும். அப்போது கடைசியாகக் கூட்டியது வெறும் 0.16. பற்றாக்குறையோ 29.

அவள் இரண்டு நாள் உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே இருந்தாள். பார்க்க வேண்டியிருந்தது நிரல் கூட்டுத்தொகையை. 4.1 என்று அது உடனே சொல்லியிருக்கும்.

### எண்கள் சரி, ρ உண்மையிலேயே பெரிது என்றால்

ஒவ்வொன்றாகக் கூட்டாமல் இரட்டித்துக் கூட்டுங்கள்:

```python
S, P = I.copy(), A.copy()
for k in range(12):
    S = S + P @ S
    P = P @ P
```

பன்னிரண்டு சுற்றில் 4096 உறுப்புகள் கூட்டியாகிவிடும். இறுதித் தேவைக்கான விடை மட்டும் போதும் என்றால் தொடரும் வேண்டாம், நேர்மாறும் வேண்டாம். `np.linalg.solve(I - A, y)` போதும். முதல் சுற்றில் எவ்வளவு, இரண்டாம் சுற்றில் எவ்வளவு என்று தேவை பரவுவதைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தால் மட்டுமே தொடரோடு மல்லுக்கட்டுவதில் பொருள் உண்டு.

## அறிகுறி 5: உறுப்புகள் முதலில் ஏறுகின்றன

பதறி நிறுத்திவிடாதீர்கள். மூலைவிட்டத்தில் 0.9, 0.9, மேல் வலது மூலையில் 10, கீழே 0 என்ற அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ρ 0.9-தான். மூலையில் உள்ள எண் A-இல் 10, A¹⁰-இல் 38.7. அதன் பிறகு இறங்கத் தொடங்கி A⁵⁰-இல் 2.9, A¹⁰⁰-இல் 0.03. கூட்டுத்தொகை 1000-இல் போய் முடியும், நேர்மாறும் அதையேதான் சொல்கிறது. பண மதிப்பு அட்டவணையில் எல்லா நிரல்களும் 1-க்குக் கீழே இருக்கும்போது நிரல் கூட்டுத்தொகைகள் இப்படி ஏறுவது நடக்காது. பொருள் அளவுகளைக் கலந்தால் நடக்கும். ρ 1-க்குக் கீழே இருப்பதை உறுதிசெய்துகொண்டு ஓடவிடுங்கள்.

## எப்போது வேறொருவரிடம் போக வேண்டும்

தட்டச்சு, அலகு, விளிம்பு எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகும் ρ 1-ஐ உரசிக்கொண்டு நின்றால் கணினியை மூடிவிட்டு அட்டவணையைத் தொகுத்தவரிடம் போங்கள். மேலே 4 என்று தவறாக வந்த உறுப்பையே உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். அதை 4.05 ஆக்கினால் (I − A)-இன் அணிக்கோவை பூச்சியமாகி நேர்மாறு மறைந்துவிடும். 4.1 ஆக்கினால் 90 இருந்த இடத்தில் −90 வரும். இரண்டரை விழுக்காடு மாற்றத்துக்கு விடையின் குறியே புரண்டுவிடுகிறது என்றால், அந்த உறுப்பு எந்தக் கணக்கெடுப்பிலிருந்து, எவ்வளவு தோராயமாக வந்தது என்பதை அறிந்தவர்தான் அடுத்த வார்த்தை சொல்ல முடியும்.

துறைகளையும் பிராந்தியங்களையும் பெருக்கிப் பல்லாயிரம் நிரைகள் கொண்ட அணி வைத்திருக்கிறீர்கள், நேர்மாறு கேட்டால் நினைவகம் போதாமல் கணினி உறைகிறது என்றால், எண்கணிப்பு அறிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். போகும்போது ρ-வின் மதிப்பு, பூச்சியமல்லாத உறுப்புகளின் எண்ணிக்கை, வேண்டியது முழு நேர்மாறா அல்லது ஒரு சில y-களுக்கான விடை மட்டுமா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.